பாதிக் கட்டடத்தை ரெண்டரில் காட்டுவது எப்படி

வீட்டுக் கடன் மொத்தமாகக் கைக்கு வருவதில்லை. அடித்தளம் முடிந்தால் கொஞ்சம், கூரைக் கான்கிரீட் போட்டால் கொஞ்சம், பூச்சு முடிந்தால் கொஞ்சம் என்று வங்கி விடுவிக்கும். அதனால் அடுக்குமாடி கட்டுகிறவர்கள் முடிந்த கட்டடத்தின் படத்தோடு நிறுத்துவதில்லை. ஒவ்வொரு தவணையின்போதும் கட்டடம் எப்படி இருக்கும் என்று காட்டும் இடைநிலைப் படங்களையும் கேட்கிறார்கள். முடிந்த கட்டடத்தை அழகாக ரெண்டர் செய்யத் தெரிந்தவர்கூட இங்கே தடுமாறுவார். பூசாத கான்கிரீட், நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி, சுவரில்லாத அறை, சுற்றிலும் சாரம் என்று ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் சரியாகத்தான் இருக்கும். ஆனால் வீடு வாங்க வந்தவர் படத்தைப் பார்த்துவிட்டு, "என்னங்க, இடிஞ்சு போன மாதிரி இருக்கு" என்பார்.

அவர் சொல்வதில் நியாயம் உண்டு. சுவரில்லாத அறை இனிமேல்தான் கட்டப்போகிற அறையாகவும் இருக்கலாம், குண்டு விழுந்த அறையாகவும் இருக்கலாம். இரண்டிலும் தூண் தெரியும், கம்பி தெரியும், செங்கல் தெரியும். பொருள்களை வைத்துப் பிரிக்க முடியாததால் கண் ஓரங்களைப் பார்க்கிறது. சுவர் எங்கே நிற்கிறதோ, கான்கிரீட் எங்கே முடிகிறதோ, அந்த ஓரத்தைப் பார்த்து "இங்கே அடுத்து என்ன வரப்போகிறது" என்பது புரிந்தால் அது கட்டுமானம். "இங்கே முன்பு என்ன இருந்தது" என்ற கேள்வி எழுந்தால் அது சேதம். இந்தக் கட்டுரையில் சொல்லப்போவது முழுக்க இந்த ஓரங்களைப் பற்றித்தான்.

முடிந்த மாடலிலிருந்து வெட்டாதீர்கள்

தொடங்குபவர்கள் பெரும்பாலும் செய்வது இது. முடிந்த கட்டடத்தின் மாடல் கையில் இருக்கும். அதிலிருந்து மேல்மாடியை நீக்குவார்கள், சில சுவர்களை அழிப்பார்கள், மீதியிருக்கும் சுவரின் மேல்விளிம்பைக் கொஞ்சம் கரடுமுரடாக்குவார்கள், கான்கிரீட் டெக்ஸ்சரில் கறையும் விரிசலும் சேர்ப்பார்கள். இடிப்பு வேலையும் இதே வரிசையில்தான் நடக்கும். எடுத்து எடுத்து வந்த படம் எடுக்கப்பட்டதாகவே தெரிவதில் ஆச்சரியமில்லை.

மாறாக, வேலை நடக்கும் வரிசையிலேயே மாடலையும் எழுப்ப வேண்டும். ஒரே நாளில் கான்கிரீட் போடும் ஒவ்வொரு துண்டும் தனிப் பொருளாக இருக்கட்டும். ஒரு மாடியின் ஒரு தூண் ஒரு பொருள், ஒரு தளம் ஒரு பொருள், இரண்டு தூண்களுக்கு நடுவே வரும் ஒரு செங்கல் சுவர் ஒரு பொருள். ஒவ்வொன்றுக்கும் அது வந்து சேரும் நாளையும், தற்காலிகப் பொருளானால் கழற்றப்படும் நாளையும் எழுதி வையுங்கள். பிளெண்டர் மென்பொருளில் பொருளின் `Custom Properties` பகுதியில் `start`, `end` என்று இரண்டு எண்கள் சேர்த்தால் போதும். பிறகு எந்த நாள் வேண்டுமோ அந்த நாளைக் காட்டச் சொல்லலாம்:

```python
import bpy
day = 90
for ob in bpy.data.objects:
    if "start" in ob:
        show = ob["start"] <= day < ob.get("end", 9999)
        ob.hide_render = not show
        ob.hide_viewport = not show
```

நிரல் எழுதப் பிடிக்காதவர்கள் பொருள்களைத் தனித்தனி `Collection`-களில் போட்டுக் கையால் அணைத்து எழுப்பலாம். இதன் பெரிய லாபம் நேரம் மிச்சமாவது அல்ல. ஒவ்வொரு பொருளுக்கும் நாள் எழுதும்போது, "இந்தச் சுவர் நிற்கிறதென்றால் இதற்கு மேலே உள்ள தளத்தைத் தாங்கிய முட்டுகளை எப்போது கழற்றினார்கள்" என்று யோசிக்க வேண்டி வரும். படத்தை நம்ப வைப்பது அந்த யோசனைதான்.

தொண்ணூறாம் நாள்

ஒரு கட்டடத்தை எடுத்துக்கொள்வோம். தரைத்தளமும் அதற்கு மேல் மூன்று மாடிகளும். முகப்பு 12 மீட்டர், 4 மீட்டருக்கு ஒன்றாக நான்கு தூண்கள், மாடிக்கு மாடி 3 மீட்டர். தூண் 230க்கு 450 மில்லிமீட்டர், அதாவது ஒன்பதங்குலத்துக்குப் பதினெட்டங்குலம். தளத்தின் கனம் 125 மில்லிமீட்டர். தரைத்தளத்தின் கூரையை 60ஆம் நாளும் முதல் மாடியின் கூரையை 82ஆம் நாளும் போட்டார்கள் என்று வையுங்கள். நாம் படமெடுப்பது 90ஆம் நாள் காலை.

தரைத்தளத்தில் தொடங்குவோம். அதன் கூரைக்கு வயது முப்பது நாள், முட்டுகள் எல்லாம் போய்விட்டன, செங்கல் வேலை நடக்கிறது. ஒரு நாளில் நாலடி, ஐந்தடிக்கு மேல் சுவர் எழுப்பமாட்டார்கள். அடியில் உள்ள சாந்து இறுகாமல் மேலே பாரம் ஏற்றக்கூடாது. அதனால் பாதியில் நிற்கும் சுவரின் மேல்விளிம்பு மட்டமாக, ஒரே வரியில் ஓடும். பக்கவாட்டில் பாதியில் நிறுத்தினால் கொத்தனார் அதைப் படிப்படியாக இறக்கி விடுவார், மறுநாள் அதோடு பிணைத்துக் கட்டுவதற்காக. உடைந்த சுவரின் ஓரத்திலும் படி தெரியும், ஆனால் அங்கே ஒரு படி அகலமாகவும் அடுத்தது குறுகலாகவும் இருக்கும், பாதிக் கற்கள் துருத்தி நிற்கும். கட்டுகிற சுவரில் ஒவ்வொரு வரிக்கும் அரைக்கல் பின்வாங்கும், எல்லாம் முழுக் கற்கள். மாடலில் இதற்குப் பத்து நிமிட வேலைதான். ஆனால் படத்தில் "இடிந்த சுவர்" என்ற எண்ணத்தைப் போக்குவதில் இதற்கு ஈடில்லை.

முதல் மாடியின் கூரைக்கு எட்டு நாள் வயது. இங்கேதான் பலர் காலி இடத்தை விட்டுவிடுகிறார்கள். ஐஎஸ் 456 என்ற இந்தியக் கான்கிரீட் தர விதி, 4.5 மீட்டர் வரை உள்ள தளத்துக்கு 7 நாளும் 6 மீட்டர் வரை உள்ள பீமுக்கு 14 நாளும் முட்டு நிற்க வேண்டும் என்கிறது. நம் பீம்கள் 4 மீட்டர். ஆகவே 90ஆம் நாளில் பீம்களின் அடியில் முட்டுகள் கட்டாயம் நிற்கும். மேலே அடுத்த மாடியின் வேலை நடப்பதால் தளத்தின் அடியிலும் பெரும்பாலும் விட்டுவைப்பார்கள். சுமார் ஒரு மீட்டருக்கு ஒன்றாக இரும்பு ஜாக்கிகள், சின்ன வேலையானால் சவுக்குக் கழிகள். படத்துக்கு இது பெரிய உதவி. சுவரில்லாத இருண்ட மாடி காலியாக இருந்தால் எரிந்த கட்டடம் நினைவுக்கு வரும். அதே இருட்டுக்குள் வரிசையாக நேர்க்கழிகள் நின்றால், யாரோ கணக்குப் பார்த்துத் தாங்கி நிறுத்தியிருக்கிறார்கள் என்று உடனே தெரிந்துவிடும்.

இனி உச்சி. இரண்டாம் மாடியின் தூண்கள் இப்போதுதான் எழுகின்றன, கூரை இல்லை. வானத்தின் பின்னணியில் கட்டடத்தின் விளிம்பு இங்கேதான் வரையப்படுகிறது என்பதால் பார்ப்பவர் முதலில் தீர்மானிப்பதும் இங்கேதான். தூணின் பக்கப் பலகைகளை 16 முதல் 24 மணி நேரத்தில் பிரித்துவிடலாம் என்பதால், பக்கத்துப் பக்கத்துத் தூண்கள் வெவ்வேறு நிலையில் இருப்பது இயல்பு. முகப்பின் நான்கு தூண்களை இடமிருந்து வலமாக இப்படி வையுங்கள். முதல் இரண்டும் பலகை பிரித்து, ஈரச் சாக்கு சுற்றி, கியூரிங்கில் இருக்கின்றன. மூன்றாவது நேற்று மாலை கான்கிரீட் போட்டது, பலகை இன்னும் பிரிக்கவில்லை. நான்காவது வெறும் கம்பிக்கூடு. ஒரே வரிசையில் நான்கைப் பார்க்கும்போது வேலை எந்தத் திசையில் நகர்கிறது என்பதே படத்தில் வந்துவிடுகிறது. இதே நிலைகளை இடம் மாற்றிக் கலைத்துப் போட்டால் பாதி பலம் போய்விடும்.

தூணின் தலையிலிருந்து கம்பி மேலே நீட்டிக்கொண்டிருக்கும். அடுத்த மாடியின் கம்பியை அதோடு சேர்த்துக் கட்ட வேண்டும். கம்பி விட்டத்தைப்போல் 50 மடங்கு என்று பிடித்தால் 16 மில்லிமீட்டர் கம்பிக்கு 800 மில்லிமீட்டர். ஒரு தூணுக்கு ஆறு அல்லது எட்டுக் கம்பி, அவற்றைச் சுற்றி 150 மில்லிமீட்டருக்கு ஒரு ரிங். உண்மையான வேலையில் எந்தக் கம்பியும் இம்மி பிசகாமல் நிற்பதில்லை என்பதால் கொஞ்சம் மாற்றம் வேண்டும்தான். ஆனால் எதை மாற்றுகிறோம் என்பதில் கவனம் தேவை. நீளத்தில் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் வித்தியாசம் விடலாம். நிறத்தில் விடலாம். சாய்வில் மட்டும் ஒரு டிகிரிக்கு மேல் போகக்கூடாது. வளைந்து தொங்கும் ஒரே ஒரு கம்பி போதும், மொத்தப் படமும் நிலநடுக்கச் செய்தியாகிவிடும். மாற்றங்களைத் தானாகத் தூவும் கருவிகளைப் பயன்படுத்துகிறவர்கள் நீளத்துக்கும் சாய்வுக்கும் ஒரே அளவு கொடுத்துவிடுவது வழக்கமான பிழை.

வெறும் கான்கிரீட்டின் மேல்பரப்பு

டெக்ஸ்சர் தளங்களில் கான்கிரீட் என்று தேடினால் வருபவற்றில் பெரும்பகுதி பழைய கான்கிரீட். விரிசல், கருப்புப் பாசிக் கோடு, துரு வழிந்த தடம், பெயர்ந்த மூலை எல்லாம் அதில் இருக்கும். புகைப்படம் எடுத்தவர்களுக்கு அழகாகப்பட்டது அதுதான். புதுக் கான்கிரீட் அவ்வளவு சுவாரசியமாக இராது. ஆனாலும் அது வெறுமையானதும் அல்ல. அதன் மேல் இருக்கும் அடையாளங்கள் காலம் போட்டவை அல்ல, பலகை போட்டவை.

தளத்தின் அடிப்பகுதியை நிமிர்ந்து பாருங்கள். சின்ன வேலைகளில் சென்ட்ரிங்குக்கு மூன்றடிக்கு இரண்டடி இரும்புத் தகடுகளைப் பரப்புவார்கள். தகடும் தகடும் சேரும் இடத்தில் சிமெண்ட் பால் கசிந்து மெல்லிய கோடாக இறுகியிருக்கும். கான்கிரீட் அந்தக் கட்டங்களை அப்படியே வாங்கிக்கொள்ளும், ஒவ்வொரு கட்டமும் பக்கத்துக் கட்டத்திலிருந்து மிகச் சிறிதளவு நிறம் மாறியிருக்கும். பிளெண்டரில் இதற்கு `Brick Texture` ஒன்றே போதும். `Offset` 0, `Scale` 1, `Brick Width` 0.9, `Row Height` 0.6 என்று வைத்து, `Object` ஆயங்களைக் கொடுத்தால் செங்கல் அடுக்கு நேர்க்கட்டமாக மாறிவிடும். அதன் இரண்டு நிறங்களுக்கும் இடையே ஐந்து, ஆறு சதவீத வேறுபாடு வைத்தால் தகட்டுக்குத் தகடு நிறம் தானாக மாறும். செங்குத்தான முகங்களுக்கு ஆயத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் கோடுகள் இழுபட்டு நிற்கும்.

இரண்டாவது அடையாளம் போட்ட நாள். ஒரு நாள் போட்ட கான்கிரீட்டுக்கும் இன்னொரு நாள் போட்டதற்கும் நிறம் ஒன்றாக இருப்பதில்லை. ஒரு நாள் போட்டதை ஒரு பொருளாக மாடல் செய்திருந்தால், `Object Info` முனையின் `Random` மதிப்பை எடுத்து நிறத்தின் வெளிச்சத்தை இலேசாக மாற்றலாம். மாற்றம் சரியாகத் தூண் முடிந்து பீம் தொடங்கும் கோட்டில் நிற்கும். கறை அப்படி நிற்காது, பரவும். கோட்டில் நிற்கும் நிறமாற்றத்தைக் கண் வேலைப்பாடாகவும், பரவும் நிறமாற்றத்தைச் சீரழிவாகவும் எடுத்துக்கொள்கிறது.

அடிப்படை நிறத்தைப் பலர் தேவைக்கு மேல் இருட்டாக வைக்கிறார்கள். காய்ந்த புதுக் கான்கிரீட் நாம் நினைப்பதைவிட வெளிறியது. நிறத்தின் மதிப்பை 0.35 முதல் 0.45 வரை வைத்துப் பார்ப்பது நல்ல தொடக்கம். நேற்று பலகை பிரித்த தூணும் சாக்கின் ஓரமும் மட்டும் அதில் பாதிக்குச் சற்று மேல், `Roughness` குறைவாக, ஈரமாகத் தெரியட்டும். ஈரம் புதுமையின் அடையாளம். அதைத் தண்ணீர் ஊற்றுகிற இடத்தில் மட்டும் வையுங்கள். தளத்தின் நடுவில் காரணமில்லாமல் ஒரு ஈரத்திட்டு இருந்தால் அது ஒழுகல்.

கான்கிரீட்டில் தேனடை மாதிரி ஜல்லி தெரியும் ஓட்டைகள் நிஜத்தில் வருவதுண்டு. அது வேலையின் குறை, எந்த மேஸ்திரியும் பெருமையாகக் காட்டமாட்டார். உண்மைத்தன்மைக்காக என்று அதைப் படத்தில் சேர்க்க வேண்டாம்.

சாரமும் பூச்சும்: வேலை மேலிருந்து இறங்கும்

இப்போது 170ஆம் நாளுக்குப் போவோம். நான்கு தளமும் எழும்பிவிட்டன, செங்கல் வேலை முடிந்துவிட்டது, முகப்பில் சாரம் கட்டி வெளிப்பூச்சு நடக்கிறது. இங்கே வேலையின் திசை தலைகீழாகிறது. எலும்புக்கூடு கீழிருந்து மேலே போனது. வெளிப்பூச்சு மேலிருந்து கீழே வரும், ஏனென்றால் மேலே பூசும்போது கீழே சிந்தும். பூசிய சுவரின் மேல் சிந்தக்கூடாது. ஆகவே மூன்றாம் மாடி பூசி முடிந்து, இரண்டாம் மாடி பாதியில் இருக்க, கீழே செங்கலும் பீமும் வெறுமனே தெரிவதுதான் சரியான படம்.

பூச்சு உதிர்ந்த சுவரை நினைத்துப் பாருங்கள். ஒழுங்கற்ற தீவுகளாகச் செங்கல் தெரியும், அதுவும் ஈரம் ஏறும் அடிப்பகுதியில் அதிகமாக. நாம் கீழே வெறும் செங்கலைக் காட்டும்போது அந்த நினைவோடுதான் மோத வேண்டியிருக்கிறது. மோதலை முடித்துவைப்பது பூச்சு நிற்கும் கோடு. கொத்தனார் சாரப் பலகையின் மேல் நின்று கை எட்டும் வரை பூசுவார். எனவே அந்தக் கோடு ஏறக்குறைய கிடைமட்டமாக, ஒரு பலகைத் தட்டின் மட்டத்திலோ ஜன்னலின் அடி மட்டத்திலோ நிற்கும். கோட்டுக்கு உடனே மேலே பூச்சு ஈரமாக, அடர்ந்த சாம்பலில் இருக்கும். இன்னும் மேலே போகப்போக வெளிறும். கோட்டுக்குக் கீழே, பீமும் செங்கலும் சேரும் இடங்களில் கோழிவலைப் பட்டை அடித்திருப்பார்கள், இரண்டு பொருள் சேரும் இடத்தில் பூச்சு வெடிக்காமலிருக்க. இரண்டு சாணுக்குக் குறைவான அந்தப் பட்டை, தூரத்துப் படத்தில் மங்கிய சாம்பல் நாடாவாகத்தான் தெரியும். ஆனாலும் சேர்த்துவிடுங்கள். இங்கே பூச்சு வரப்போகிறது என்று எழுதி ஒட்டியதற்குச் சமம் அது.

மின்சாரக் குழாய்க்காகச் சுவரில் வெட்டும் காடியும் இதே வகை. குழாய் இல்லாமல் காடியை மட்டும் காட்டினால் பிளவு. நேராக இறங்கி, உள்ளே குழாயும் முடிவில் ஒரு சுவிட்ச் பெட்டியும் இருந்தால் யாருக்கும் சந்தேகம் வராது.

சாரத்தின் அளவுகளில் பெரிய சூட்சுமம் இல்லை. இரும்புக் குழாயின் வெளிவிட்டம் 48 மில்லிமீட்டர், நிற்கும் குழாய்களுக்கு நடுவே ஏறக்குறைய இரண்டு மீட்டர், தட்டுக்குத் தட்டும் கிட்டத்தட்ட அவ்வளவே. சுவரிலிருந்து ஓர் அடி விட்டு உள்வரிசை, அதிலிருந்து ஒரு மீட்டரில் வெளிவரிசை. சவுக்குக் கழியானால் கழியே வளைந்திருக்கும், ஆனால் அடியும் நுனியும் ஒரே செங்குத்துக் கோட்டில் நிற்கும். கழியின் கோணலை மாடல் செய்யுங்கள், சாரத்தின் சாய்வை அல்ல. நுனிகள் சமமின்றி நீட்டிக்கொண்டிருப்பது அழகுதான்.

சாரத்தில் உண்மையான தொந்தரவு அதன் நிழல். நன்றாகச் செய்த படம்கூட இந்த இடத்தில் கெட்டுப்போவதுண்டு. வெறும் சுவரின் மேல் விழும் மெல்லிய சாய்ந்த நிழலும் விரிசலும் சிறு படத்தில் ஒன்றுபோலவே இருக்கும். எந்தக் குழாய் இதைச் செய்கிறது என்று பிரித்துப் பார்த்தால் தீர்வு எளிது. நிற்கும் குழாயின் நிழல் சுவரில் எப்போதும் செங்குத்தாகத்தான் விழும், சூரியன் எங்கே இருந்தாலும். சுவரோடு இணையாக ஓடும் கிடைக்குழாயின் நிழல் கிடையாகத்தான் விழும். இவை இரண்டும் கட்டம் கட்டமாக வருவதால் தொல்லை இல்லை. சாய்ந்த கோடு போடுபவை இரண்டே: மூலைவிட்டமாகக் கட்டிய குழாய், சுவரை நோக்கி நீளும் குறுக்குக் குழாய். குறுக்குக் குழாய்கள்தான் எண்ணிக்கையில் அதிகம்.

சூரியன் முகப்புக்குப் பக்கவாட்டில் 45 டிகிரியும் உயரத்தில் 45 டிகிரியும் இருந்தால், அந்தக் குறுக்குக் குழாயின் நிழல் சுவரில் ஏறக்குறைய 55 டிகிரி சரிவில் விழும். அஸ்திவாரம் இறங்கிய சுவரில் வரும் விரிசலும் இப்படித்தான் குறுக்காக ஓடும். கட்டட ரெண்டருக்கு எல்லோரும் பழக்கத்தில் வைக்கும் வெளிச்சமும் இதே 45-45 தான் என்பது துரதிர்ஷ்டம். சூரியனைப் பக்கவாட்டில் 20 டிகிரிக்குக் கொண்டுவந்து உயரத்தை 50 ஆக்கினால் அந்த நிழல் 74 டிகிரிக்கு நிமிர்ந்து, நிற்கும் குழாயின் நிழலோடு கலந்துவிடும். முழுக்க நேரெதிரே வைத்தால் இன்னும் நிமிரும், ஆனால் முகப்பு தட்டையாகிவிடும்; 20 டிகிரி ஒரு நடுவழி. நிழலை மங்கலாக்கித் தப்பிக்கலாமே என்று தோன்றும். உண்மையான சூரியனின் அகலம் அரை டிகிரிதான். ஒரு மீட்டருக்குச் சற்று மேலே இருக்கும் குழாயின் நிழல் ஓரம் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குத்தான் மங்கும். அதற்கு மேல் மங்க வைத்தால் வெயிலே போய்விடும்.

முகப்பில் பச்சை வலை கட்டுவது இன்னொரு வழி. நிழலையும் குழப்பத்தையும் அது மறைத்துவிடும். ஆனால் மொத்த முகப்பையும் மூடிவிட்டால் காட்ட வந்ததே தெரியாமல் போகும், பாதியில் கிழிந்து பறக்கும் வலையோ கைவிட்ட வேலையின் அடையாளம். வேலை நடக்கும் ஓரிரு தட்டுகளில் மட்டும், இழுத்துக் கட்டிய வலையாக இருக்கட்டும்.

சேதமில்லை, ஆனால் கைவிட்டதா?

இடிந்தது, எழுவது என்ற இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒன்று இருக்கிறது: நின்றுபோன வேலை. வெனிசுவேலாவின் காரகாஸ் நகரில் 45 மாடிக் கோபுரம் ஒன்று உண்டு. 1990இல் தொடங்கிய வேலை, 1994இல் அங்கே வங்கிகள் சரிந்தபோது நின்றது. மக்கள் அதை டேவிட் கோபுரம் என்பார்கள். எதுவும் இடியாமலேயே உலகம் முழுக்கச் சிதைவின் படமாக அது பரவியது. வீடு வாங்குபவருக்கு இடிந்த கட்டடத்தைவிட நின்றுபோன கட்டடம்தான் பெரிய பயம் என்பதால், படத்தில் அந்தச் சாயல் வந்தாலும் வேலை கெட்டது.

நம் தெருக்களிலும் மொட்டை மாடியில் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் வீடுகள் ஏராளம், பின்னால் ஒரு மாடி எடுக்கலாம் என்று விட்டவை. கீழே குடும்பம் வாழ்வதால் அவை கைவிட்டவையாகத் தெரிவதில்லை. ஆனால் அந்தக் கம்பிகளின் நிறத்தை உற்றுப் பாருங்கள். பல வருட மழையில் கருத்து, செதில் செதிலாக உரிந்து, தூணின் தலையில் பழுப்புக் கோடு வழிந்திருக்கும். வேலை நடக்கும் இடத்திலும் ஒரு மழை பெய்தால் கம்பி துருப்பிடிக்கும். அது மெல்லிய, சீரான ஆரஞ்சுப் பழுப்பு, கம்பியோடு நின்றுவிடும். ஆகவே கம்பியில் துரு இருக்கலாம், கான்கிரீட்டில் அதன் வழிசல் இருக்கக்கூடாது. தளத்தின் ஓரத்தில் கான்கிரீட் போட்டபோது வழிந்த சிமெண்ட் பால் வெளிறிய குட்டைக் கோடுகளாக இருக்கலாம், கருப்புப் பாசிக் கோடு இருக்கக்கூடாது. தளத்தில் செடி முளைத்திருக்கக்கூடாது. இயற்கையாக இருக்கட்டும் என்று அடியில் புல் தூவுகிறவர்கள் அது கட்டடத்துக்குள் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தரையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். குவியல் ஒவ்வொன்றும் ஒரே பொருளாக இருக்கட்டும். எம்-சாண்ட் தனியே, ஜல்லி தனியே, செங்கல் அடுக்கியபடி, கம்பி கட்டாக, சிமெண்ட் மூட்டை தார்ப்பாய்க்கு அடியில். எல்லாம் கலந்த குவியல் எங்கே கிடந்தாலும் அது இடிபாடுதான். ஆள்களை வேலை நடக்கும் இடத்தில் வையுங்கள்: 90ஆம் நாளில் நான்காவது தூணின் அருகே கம்பி கட்டுகிறவர், 170ஆம் நாளில் பூச்சுக் கோட்டின் மட்டத்தில் கொத்தனார். தெருவில் நின்று அண்ணாந்து பார்ப்பவரை வைத்தால் அவர் வேடிக்கை பார்க்க வந்தவராகத் தெரிவார்.

சோதித்துப் பார்க்க

ரெண்டர் முடியும் முன்பே ஒரு சோதனை செய்யலாம். `View Layer` பகுதியில் `Material Override` என்பதில் வெளிச்சம் வாங்காத ஒரு கருப்பு மெட்டீரியலைக் கொடுத்து, பின்னணியை வெள்ளையாக்கி, 300 பிக்சல் அகலத்தில் சின்னப் படமாக எடுங்கள். நிறமும் டெக்ஸ்சரும் போய் வெறும் நிழலுருவம் மட்டும் இருக்கும். கட்டடத்தின் உச்சியில் சம இடைவெளியில் நேர்க்குச்சிகள் தெரிந்தால் நல்லது. எங்காவது பல் போன மாதிரி ஒழுங்கு உடைந்தால் அந்த இடத்தைத் திருத்துங்கள். பெரும்பாலும் மூலைத் தூணின் கம்பியாகவோ, பாதிச் சுவரின் ஓரமாகவோ இருக்கும்.

அடுத்து, முழுப் படத்திலிருந்து ஒரு கால் பகுதியை மட்டும், வானமும் தரையும் இல்லாமல் வெட்டி, கட்டட வேலையோடு சம்பந்தமில்லாத ஒருவரிடம் காட்டி இங்கே என்ன நடக்கிறது என்று கேளுங்கள். "நல்லா இருக்கா" என்று கேட்டால் நல்லா இருக்கு என்பார்கள், அதில் பயனில்லை. "பூசிட்டிருக்காங்க" என்றால் வேலை முடிந்தது. "விரிசல் விட்டிருக்கு" என்றால் எங்கே என்று விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். பத்துக்கு ஏழு முறை அந்த விரல் ஏதோ ஒரு குறுக்குக் குழாயின் நிழலில்தான் நிற்கும்.

தவணை வரிசையாகப் பல படங்கள் தருவதானால் கேமராவும் சூரியனும் எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும், வானமும் மாறக்கூடாது. வெயிலில் எடுத்த 90ஆம் நாளுக்கு அடுத்து மூட்டமான வானத்தில் 170ஆம் நாள் வந்தால், அதே கான்கிரீட் எண்பது நாளில் பல வருடம் பழசான மாதிரி தெரியும். நிரலில் `day` என்ற எண்ணை மட்டும் மாற்றி மறுபடி ரெண்டர் செய்யுங்கள்; வேறெதையும் தொட வேண்டியதில்லை.